பச்சைத் தண்ணீர் பல்லில் படலாம்

அத்தைக்குப் பித்தப்பையில் கல். காலையில் அறுவை சிகிச்சை என்று முதல் நாளே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். இரவு எட்டரை மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார். "பன்னெண்டு மணிக்கு மேல பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதும்மா" என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். அத்தை எதிலும் ஒரு படி கூடுதல் பத்தியம். ஒன்பது மணிக்கே தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மறுநாள் பட்டியலில் அவர் பெயர் நான்காவது. தியேட்டருக்குள் கூட்டிப்போனபோது பிற்பகல் இரண்டு மணி. பதினேழு மணி நேரம் ஒரு மிடறு தண்ணீர் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தலை விண்விண் என்று தெறித்தது, கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள்.

அந்த வார்டில் யாரும் கடமை தவறவில்லை. எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள். ஆனால் அந்த விதியில் தண்ணீரைப் பற்றிய பகுதி காலாவதியாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது. ஆராய்ச்சி ஒன்று சொல்ல, வார்டு வேறொன்று செய்யும் இந்த இடைவெளியை ஒரு வார்டு எப்படி அடைக்கலாம், ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இதை மாற்ற நினைத்தால் எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில், வயிறு ஏன் காலியாக இருக்க வேண்டும்? முழு மயக்கம் கொடுக்கும்போது தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். விழித்திருக்கும்போது ஒரு பருக்கை தவறான வழியில் போனாலே புரையேறி இருமித் தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் அந்த இருமல் கிடையாது. வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கலாம். கெட்டியான உணவானால் மூச்சுக்குழாய் அடைபடும். அமிலமானால் நுரையீரல் புண்ணாகும்.

1946-இல் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மருத்துவர் நியூயார்க் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளைப் புரட்டி இதை எழுதினார். 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு இப்படி நேர்ந்திருந்தது. இறந்தவர்கள் இருவர். இருவருமே கெட்டி உணவு மூச்சுக்குழாயை அடைத்ததால் இறந்தவர்கள். அவர்கள் எல்லோரும் பிரசவ வலியில் இருந்த பெண்கள் என்பதையும், முகமூடி வழியாக மயக்கம் கொடுத்த காலம் அது என்பதையும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகிக் காப்பது அன்று வழக்கமில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். அந்தக் கட்டுரைக்குப் பிறகு வந்த எச்சரிக்கை, வருஷங்கள் போகப்போக எல்லா நோயாளிகளுக்கும், எல்லா அறுவை சிகிச்சைக்கும் பரவியது. சோற்றுக்குச் சொன்னது தண்ணீருக்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அறுபது வருஷத்துக்கு முன்பே, 1883-இல், ஜோசப் லிஸ்டர் கெட்டி உணவு வேண்டாம், இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கலாம் என்று பிரித்துத்தான் எழுதியிருந்தார்.

அந்தப் பிரிவினைக்குக் காரணம் வயிற்றிலேயே இருக்கிறது. சோறு வயிற்றில் தங்கி, அரைபட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குப் போகும். கொழுப்பு சேர்ந்தால் இன்னும் தாமதம். தண்ணீரை அரைக்க வேண்டியதில்லை. ஆரோக்கியமானவர் குடித்த தண்ணீரில் பாதி, ஏறக்குறைய பத்திலிருந்து இருபது நிமிஷத்துக்குள் வயிற்றை விட்டு இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து வயிற்றில் இருப்பது குடித்த தண்ணீர் அல்ல. வயிறு தானே சுரந்த நீரும் விழுங்கிய எச்சிலும்தான். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தவர் வயிற்றிலும் அது இருக்கும்.

1986-இல் கனடாவின் கால்கரி நகரில் மால்ட்பி என்பவரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். அறுவைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் சிலருக்கு 150 மில்லி தண்ணீர், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மயக்கம் கொடுத்தபின் குழாய் விட்டு வயிற்று நீரை உறிஞ்சி அளந்தார்கள். தண்ணீர் குடித்தவர்கள் வயிற்றில்தான் குறைவாக இருந்தது. அதன்பின் வந்த பல சோதனைகளை 2003-இல் காக்ரேன் அமைப்பு ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. பெரியவர்களிடம் நடத்தப்பட்ட 22 ஆய்வுகள் அதில் அடங்கின. நள்ளிரவிலிருந்து பட்டினி கிடப்பது, இரண்டு மணி நேரம் முன்வரை தெளிந்த பானம் குடிப்பதைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தச் சான்றில் ஒரு பலவீனம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு யோசனை எழுதினால், கூட்டத்தில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். உணவு நுரையீரலுக்குள் போவது மிக அபூர்வம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மயக்கங்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கணக்கில், சுமார் 3,200 பேரில் ஒருவருக்குத்தான் அது நேர்ந்தது. அவ்வளவு அபூர்வமான ஒன்று கூடுகிறதா குறைகிறதா என்று நூறு, இருநூறு பேரை வைத்து நடத்தும் ஆய்வால் நேரடியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் வயிற்றில் எத்தனை மில்லி இருந்தது, அமிலம் எவ்வளவு என்று சுற்றுவழியில் அளக்கிறார்கள். சுற்றுவழி அளவுகோலுக்கும் ஒரு கதை உண்டு. வயிற்றில் 25 மில்லிக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். அதன் வேரைத் தேடிப் போனால், குரங்கின் மூச்சுக்குழலுக்குள் நேரடியாக அமிலம் ஊற்றிப் பார்த்த ஒரு பூர்வாங்கச் சோதனையில் போய் நிற்கும். வயிற்றில் இருப்பதெல்லாம் அப்படியே நுரையீரலுக்குப் போய்விடும் என்ற ஊகத்தின் மேல் கட்டிய எண் அது.

அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999 முதல் சொல்லிவரும் கணக்கு எளிமையானது: தெளிந்த பானத்துக்கு இரண்டு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, எளிய உணவுக்கும் மற்றப் பாலுக்கும் ஆறு, எண்ணெயும் கறியும் சேர்ந்த உணவுக்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ. இந்திய மயக்கவியல் சங்கமும் 2020-இல் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது. அதிலும் தெளிந்த பானத்துக்கு இரண்டு மணி நேரம்தான். குழந்தைகளுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒரு மணி நேரமாகவே குறைத்துவிட்டது. ஆக, சான்று தேடி அலைய வேண்டிய நிலை இல்லை. அது மேசை மேல் கிடக்கிறது. வார்டுக்கு வராததற்குக் காரணம் வேறு.

முப்பது படுக்கை உள்ள ஒரு பெண்கள் அறுவை வார்டை வைத்துக்கொள்வோம். நர்ஸ் செய்ய வேண்டிய முதல் வேலை, யாரிடமும் எதையும் சொல்லாமல் அளப்பது. அடுத்தடுத்து இருபது நோயாளிகளுக்கு இரண்டு நேரங்களைக் குறித்தால் போதும்: கடைசியாக எப்போது குடித்தார், மயக்கம் எப்போது தொடங்கியது. முதல் நேரத்தை நோயாளியின் வாயாலேயே கேட்க வேண்டும். கேஸ் ஷீட்டில் 'இரவு 12 முதல் என்.பி.ஓ.' என்று இருக்கும். உண்மையில் அவர் எட்டரைக்கே நிறுத்தியிருப்பார், என் அத்தையைப் போல. இருபது எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வருவதை எடுக்க வேண்டும். சராசரி வேண்டாம். யாரோ ஒருவர் இருபத்திரண்டு மணி நேரம் கிடந்திருந்தால் அந்த ஒரு எண் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும், உடனே 'அது ஒரு தனி கேஸ்' என்று பேச்சு திசைமாறும். நடு எண்ணை அப்படித் தள்ள முடியாது.

அடுத்தது, ஏன் எல்லோரும் நள்ளிரவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசிப்பது. அறியாமை என்று நினைத்து வகுப்பு எடுக்கப்போனால் ஒன்றும் மாறாது. அநேக மயக்க மருத்துவர்களுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு மனப்பாடம். நள்ளிரவு விதி நிலைப்பதற்குக் காரணம் தியேட்டர் பட்டியல். காலை எட்டரைக்கு முதல் கேஸ் தைராய்டு, பதினொன்று வரை ஆகும். பிறகு குடலிறக்கம், பிறகு மார்புக் கட்டி, நான்காவதாக இரண்டு மணி வாக்கில் பித்தப்பை. காகிதத்தில் பார்த்தால் நான்காவது பெண் பன்னிரண்டு மணிவரை தண்ணீர் குடிக்கலாம். ஆனால் இரண்டாவது நோயாளிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பதினொரு மணிக்கு ஒத்திவைத்து, 'பித்தப்பையை அனுப்புங்க' என்று போன் வந்தால்? அவர் பத்தே முக்காலுக்குத்தான் ஒரு தம்ளர் குடித்திருப்பார். கேஸ் தள்ளிப்போகும், சர்ஜன் கத்துவார், திட்டு விழுவது சிஸ்டருக்கு. மறுநாள் முதல் அவர் மறுபடி "பன்னெண்டு மணிக்கு மேல ஒண்ணும் கூடாது" என்பார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நள்ளிரவு விதி நோயாளியின் வயிற்றுக்குத் தேவையில்லை. பட்டியல் எப்படிப் புரண்டாலும் எல்லோரும் தயாராக இருக்க அது தேவைப்படுகிறது. அந்த வசதிக்கு மாற்று தராத எந்த யோசனையும் ஒரு வாரத்தில் செத்துவிடும்.

மாற்று இரண்டு உண்டு. ஒன்று, ஸ்காட்லாந்தின் டண்டீயில் தொடங்கிய முறை: தியேட்டரிலிருந்து அழைப்பு வரும்வரை நோயாளி மணிக்கு ஒரு தம்ளருக்கு மிகாமல் சிறு சிறு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்கலாம். பட்டியல் எப்படி மாறினாலும் கவலையில்லை என்பது அதன் அழகு. ஆனால் அது புதியது. பெரும்பாலும் அதைப் பின்பற்றிய மருத்துவமனைகளின் அனுபவக் கணக்கை நம்பி நிற்பது. முதல் முறையாக மாற்றப்போகும் வார்டுக்கு, இரண்டு மணி நேர எல்லைக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன்.

அது இப்படி. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் காலை ஆறரைக்குள் ஒரு தம்ளர் தண்ணீர். எட்டரைக்கு யாரை முதலில் கூப்பிட்டாலும் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒன்பதரைக்குத் தியேட்டர் நர்ஸ் வார்டுக்கு ஒரு போன்: "மூணாவது, நாலாவது பேஷண்டுக்குக் குடுக்கலாம்." அந்தப் போனுக்கு ஓர் அர்த்தம் உண்டு, பதினொன்றரை வரை அந்த இருவரையும் தியேட்டர் அழைக்காது என்ற வாக்குறுதி அது. பதினொரு மணிக்கு இரண்டாவது கேஸ் ஒத்திவைக்கப்பட்டாலும் நட்டம் அரை மணி நேரம்தான். பதினொன்றரைக்கு இன்னொரு போன், நான்காவது நோயாளிக்கு இன்னொரு தம்ளர். அவர் இரண்டு மணிக்கு உள்ளே போகும்போது கடைசியாகக் குடித்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். பதினேழு மணி நேரம் இரண்டரை ஆவதற்கு ஆகும் செலவு இரண்டு போன் அழைப்பு.

இதை எந்த நர்ஸும் தன் பொறுப்பில் தொடங்கிவிடக் கூடாது. மயக்கவியல் துறைத் தலைவரின் கையெழுத்தோடு எழுத்தில் உத்தரவு வேண்டும். சர்ஜனும் நர்சிங் கண்காணிப்பாளரும் அதில் உடன்பட வேண்டும். எடுத்துப்போகும் யோசனை ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்கப்போவதில்லை. நம் வார்டின் நடு எண் என்ன, சான்று என்ன, என்ன மாறும், யாருக்கு மாறாது, எப்போது நிறுத்துவோம். அவ்வளவுதான். பட்டினி குறைந்தால் நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போவார், சிக்கல்கள் குறையும் என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம். இனிப்புச் சத்துப் பானம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில்கூட ஆஸ்பத்திரி நாள் சற்றுத்தான் குறைந்தது. சிக்கல்கள் குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. தாகமும் தவிப்பும் குறையும் என்பது உறுதி. அதுவே போதுமான காரணம்.

'யாருக்கு மாறாது' என்ற வரியைத்தான் மயக்க மருத்துவர் முதலில் தேடிப் படிப்பார். அவசர அறுவைக்கு வந்தவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், பிரசவ வலியில் இருப்பவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், கடுமையாக எதிர்க்களிப்பவர்கள் ஆகியோருக்கு வயிறு சொன்னபடி காலியாகாது. மேயோ கணக்கிலும் அவசர கேஸ்களில் ஆபத்து நான்கு மடங்குக்கும் மேல். நீண்டநாள் சர்க்கரை நோயில் சிலருக்கு வயிற்றின் நரம்பு தளர்ந்து உணவு தேங்கும். எல்லோருக்கும் அல்ல, எனவே ஒவ்வொருவராகக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இப்போது உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு போன்ற ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. 'வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க' என்று கேட்டால் நோயாளி இதைச் சொல்ல மாட்டார். 'ஊசி ஏதாவது போடுறீங்களா' என்று தனியாகக் கேட்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவருக்குத் தண்ணீரின் அளவே கட்டுப்பாட்டில் இருக்கும்.

எது தெளிந்த பானம் என்பதில் நம் ஊருக்கென்று சில சிக்கல்கள் உண்டு. தம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும் என்பது எளிய சோதனை. தண்ணீர், பால் கலக்காத டீ, கடுங்காப்பி தேறும். மோர், கஞ்சி, நீராகாரம், சாத்துக்குடிச் சாறு தேறாது. டீதான் பெரிய ஆபத்து. ஐரோப்பியர்கள் டீயில் கொஞ்சம் பால் விட்டால் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் அளவு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நம் டீக்கடையில் பாலில்தான் டீயே போடுகிறார்கள். அது பானம் அல்ல, சாப்பாடு. ஆறு மணி நேரக் கணக்கு. இளநீரில் வழுக்கை மிதக்கும், பொட்டாசியமும் அதிகம்; அதை வார்டுப் பட்டியலில் சேர்ப்பதா என்பதை மயக்க மருத்துவர் தீர்மானிக்கட்டும். தொடக்கத்தில் 'தண்ணீர் மட்டும்' என்று வைத்துக்கொள்வதுதான் வார்டுக்கு நிம்மதி.

எல்லா நோயாளிகளிடமும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். ஒரு சர்ஜனின் ஒரு நாள் பட்டியல், நான்கு பேர். வாரம் ஒரு முறை, நான்கு வாரம். படுக்கைக்கு மேலே தொங்கும் 'என்.பி.ஓ.' அட்டைக்குப் பதிலாக இரண்டு வரி: 'சாப்பாடு: இரவு 12 வரை. தண்ணீர்: காலை 6.30 வரை.' இரண்டாவது எண்ணைச் சாக்பீஸால் எழுத வேண்டும், போன் வந்தால் மாற்றுவதற்கு. கெட்டி உணவுக்கு நள்ளிரவே இருக்கட்டும். விடிகாலை இரண்டு மணிக்கு எழுப்பி இட்லி ஊட்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

தவறு பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும். துணைக்கு இருப்பவர், 'தண்ணி குடிக்கலாம்னா டீ குடிக்கக் கூடாதா' என்று பிளாஸ்க்கில் வாங்கிவந்துவிடுவார். அதனால் தியேட்டருக்கு அனுப்பும் முன் 'ஏதாவது சாப்பிட்டீங்களா' என்று கேட்பது போதாது. "காலைல என்ன குடிச்சீங்க? கலர் என்ன?" என்று கேட்க வேண்டும். இன்னொன்று, புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் பழைய பழக்கத்தில் 'நள்ளிரவு முதல் என்.பி.ஓ.' என்று எழுதிவிடுவார். அவர்கள் மாறும் ஒவ்வொரு முறையும் இந்த விதியை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். தியேட்டர் போன் செய்ய மறப்பதும் நடக்கும். ஒன்பதரை தாண்டியும் வராவிட்டால் வார்டே கூப்பிட்டுக் கேட்பது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

நான்கு வாரம் கழித்து அதே இரண்டு நேரங்களை மறுபடி அளக்க வேண்டும். கூடவே, குடித்ததால் எத்தனை கேஸ் தள்ளிப்போயின என்பதையும் எண்ண வேண்டும். அந்த எண் கூடினால் நிறுத்தி, காரணம் பார்த்த பிறகுதான் தொடர வேண்டும். மூன்றாவது, நான்காவது நோயாளிகளின் எண் மளமளவென்று இறங்கியிருக்கும். முதல் நோயாளியின் எண் மட்டும் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரத்திலேயே நிற்பதைப் பார்க்கலாம். அட்டையில் ஆறரை என்று எழுதியிருக்கும், தம்ளரும் பக்கத்தில் இருக்கும், ஆனால் அவர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார், எழுந்தபோது ஏழு. யார் எழுப்புவது என்று எந்த உத்தரவிலும் எழுதவில்லை. இரவுப் பணி சிஸ்டர் ஐந்தரைக்கு எப்படியும் ஒவ்வொரு படுக்கையாக டெம்பரேச்சர் பார்த்துக்கொண்டு வருவார். அந்தச் சுற்றில் தர்மாமீட்டரோடு ஒரு தண்ணீர் ஜாடியையும் சேர்த்து எழுதினால் போதும்.